சுயவிபரக் கோவையை எவரும் திறப்பதற்கு முன்பே: விண்ணப்பப் படிவத்தின் வடிகட்டும் கேள்விகளுக்குச் சரியாகப் பதிலளிப்பது எப்படி?

இணையவழியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாம் நேரம் முழுவதையும் சுயவிபரக் கோவைக்கே கொடுக்கிறோம். அதைப் பதிவேற்றிய பின் வரும் ஐந்தாறு சிறு கேள்விகளைக் கடைசி நிமிடத்தில், கைபேசியில், அவசர அவசரமாக நிரப்பிவிடுகிறோம். அனுபவம் எத்தனை ஆண்டு, உயர்ந்தபட்சக் கல்வித் தகைமை என்ன, சிங்களம் எந்த அளவுக்குத் தெரியும், எப்போது வேலையில் சேரலாம் என்பவை அந்தக் கேள்விகள். அவற்றில் ஒன்றுக்கு அளிக்கும் பதில் நிறுவனம் வைத்த எல்லைக்குக் கீழே போனால், கோவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை ஒருவரும் திறக்காமலே விண்ணப்பம் ஒதுக்கப்படலாம்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை நடந்து பார்ப்போம். திருகோணமலையில் வசிக்கும் ஒரு பெண். உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர். சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பயிலுநராக இருந்தார். பிறகு உப்புவெளியில் ஒரு சுற்றுலா விடுதியில் கணக்கு உதவியாளர். அதன்பின் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தின் திட்டத்தில் நிதி உதவியாளர். அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. 2026 ஜனவரியில், மாவட்டத்தில் இயங்கும் இன்னோர் உதவித் திட்ட அலுவலகத்தின் நிதி உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவருடைய சிக்கல்கள் நம் ஊரில் வேலை தேடும் பலருக்கும் உள்ளவை.

படிவத்துக்குப் பின்னால் நடப்பது என்ன?

ஆட்சேர்ப்பு மென்பொருளில் வேலையைப் பதிவிடும்போதே மனிதவளப் பிரிவு கேள்விகளையும் அமைத்துவிடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் மூன்றில் ஒன்றைச் செய்யலாம். பதிலைச் சும்மா பதிவுசெய்து வைக்கலாம். பதிலுக்குப் புள்ளி கொடுத்து விண்ணப்பங்களை வரிசைப்படுத்தலாம். அல்லது, ‘இந்தப் பதில் வந்தால் நிராகரி’ என்று ஒரு விதி எழுதலாம். கடைசி வகையைத்தான் இங்கே வெளியேற்றும் கேள்வி என்கிறேன்.

எது எந்த வகை என்று படிவம் சொல்லாது. சிவப்பு நட்சத்திரக் குறியைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பதிலளிக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது என்பதற்கு மேல் அந்தக் குறிக்குப் பொருள் இல்லை. நம்பத்தக்க அடையாளம் பதில் பெட்டியின் வடிவம். ஆம்/இல்லை, எண், திகதி, பட்டியலிலிருந்து தெரிவு ஆகிய நான்கும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவை. ஆகவே வெளியேற்றும் விதி இருந்தால் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். ‘இந்தப் பதவியில் உங்களுக்கு ஏன் ஆர்வம்?’ என்பது போன்று பத்தியாக எழுதும் பதிலை வழக்கமாக ஒரு மனிதர்தான் வாசிக்கிறார்.

இரண்டாவது அடையாளம் வேலை விளம்பரத்திலேயே இருக்கிறது. ‘கட்டாயத் தகைமைகள்’ என்று அவர்கள் எழுதியிருக்கும் ஒரு விடயம் படிவத்தில் எண்ணாகவோ ஆம்/இல்லையாகவோ திரும்பவும் கேட்கப்பட்டால், அதை வெளியேற்றும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ‘விரும்பத்தக்கவை’ பகுதியிலிருந்து வந்த கேள்வி பெரும்பாலும் புள்ளிக்கானது.

முதல் படி: கோவையைத் தொடுவதற்கு முன் படிவத்தை வாசியுங்கள்

கணக்கைத் திறந்து, ஒரு பழைய கோவையைப் பதிவேற்றி, கேள்விகள் உள்ள பக்கம்வரை போங்கள். சமர்ப்பிக்க வேண்டாம். பல தளங்கள் வரைவாகச் சேமிக்க விடுகின்றன. அந்த வசதி இல்லையென்றால் திரையைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கேள்விகளை எழுதிவைத்துக்கொண்ட பிறகே கோவையைத் திருத்த வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு பதிலுக்கும் கோவையில் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது.

நம் விண்ணப்பதாரிக்கு வந்தவை ஆறு கேள்விகள்: கணக்கியல் அல்லது நிதித்துறையில் சம்பளத்துடன் கூடிய அனுபவம் எத்தனை ஆண்டு, நன்கொடையாளர் நிதியில் இயங்கும் திட்டங்களில் எத்தனை ஆண்டு, உயர்ந்தபட்சக் கல்வித் தகைமை, சிங்கள மொழித் திறன், சேரக்கூடிய காலம், எதிர்பார்க்கும் மாதச் சம்பளம். விளம்பரத்தில் ‘குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம்’ கட்டாயப் பகுதியில் இருக்கிறது. நன்கொடைத் திட்ட அனுபவம் விரும்பத்தக்கதில் இருக்கிறது. கல்விக்கு ‘டிப்ளோமா அல்லது அதற்கு மேல்’ என்கிறார்கள்.

இரண்டாம் படி: அனுபவத்தை மாதமாக எண்ணுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ‘ஏறக்குறைய நாலு வருடம்’ என்று மனக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதத்தையும் முடிந்த மாதத்தையும் எழுதுங்கள்.

பயிலுநர்: 2022 பெப்ரவரி முதல் ஜூலை வரை, 6 மாதம்.
விடுதிக் கணக்கு உதவியாளர்: 2023 ஜனவரி முதல் 2024 ஓகஸ்ட் வரை, 20 மாதம்.
திட்ட நிதி உதவியாளர்: 2024 ஜூன் முதல் 2025 டிசம்பர் வரை, 19 மாதம்.

அப்படியே கூட்டினால் 45 மாதம், அதாவது மூன்று ஆண்டு ஒன்பது மாதம். அதை முழு எண்ணாக்கும்போது ‘4’ என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் 2024 ஜூன், ஜூலை, ஓகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களில் இரு வேலைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. விடுதியில் பகலில் வேலை, திட்டத்தில் பகுதிநேரம். நாட்காட்டியில் அந்த மூன்று மாதமும் ஒருமுறைதான் வருகிறது. ஆக, 2023 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை சரியாக 36 மாதம். பயிற்சிக் காலத்தைச் சேர்த்தால் 42. ஆனால் கேள்வி ‘சம்பளத்துடன் கூடிய’ அனுபவத்தைக் கேட்கிறது. பயிற்சிக்கு உதவித்தொகை மட்டும் கிடைத்திருந்தால் அதை விட்டுவிடுவதே பாதுகாப்பு. எப்படிப் பார்த்தாலும் எழுத வேண்டிய முழு எண் 3.

‘4 என்று போட்டால் இன்னும் நல்லதல்லவா?’ என்ற கேள்வி எழலாம். எல்லை 3 என்றால் 3 எழுதியவரும் 7 எழுதியவரும் ஒரே வாசலால்தான் உள்ளே போகிறார்கள். வெளியேற்றும் விதிக்கு அதிகப்படியான எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த கட்டத்தில் ஒரு மனிதர் உங்கள் கோவையைத் திறந்து, பக்கத்தில் ‘4 ஆண்டு’ என்ற பதிலையும் வைத்துக்கொண்டு திகதிகளைக் கூட்டிப் பார்க்கும்போது மூன்றுதான் வரும். அந்த ஓர் ஆண்டுக்குக் கணக்குச் சொல்ல நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். நிதிப் பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் கூட்டல் தவறினால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

எல்லையைத் தொடாதவரின் நிலை கடினமானது. 32 மாதம் இருந்தால் அது இரண்டு ஆண்டு எட்டு மாதம், முழு எண் 2. மேல்நோக்கி 3 என்று எழுதினால் கணினி விட்டுவிடும், கோவை காட்டிக்கொடுத்துவிடும். படிவத்தின் முடிவில் ‘மேலுள்ள தகவல்கள் உண்மை’ என்று உறுதிப்படுத்தியதும் நீங்கள்தான். தசம எண்ணை ஏற்கும் பெட்டியானால் 2.6 என்று எழுதலாம். ஏற்காவிட்டால் 2 தான். அப்படியான பதவிக்கு, படிவத்தை நிரப்புவதற்கு முன்பே விளம்பரத்திலுள்ள முகவரிக்கு இரண்டு வரியில் எழுதிக் கேளுங்கள்: ‘எனக்கு இரண்டு ஆண்டு எட்டு மாத அனுபவம் உள்ளது, விண்ணப்பிக்கலாமா?’ வெளியேற்றும் விதியைத் தாண்டி ஒரு விண்ணப்பத்தைக் கையால் மீட்டெடுக்க மனிதவளப் பிரிவால் பொதுவாக முடியும். ஆனால் அதற்கு உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நம் விண்ணப்பதாரியின் 19 மாதம் ‘1’ ஆகச் சுருங்குகிறது. ஏழு மாதம் வீணாகிறதே என்று வருத்தமாக இருக்கும். இது விரும்பத்தக்க தகைமை என்பதால் ‘1’ அவரை வெளியே தள்ளாது. விட்டுப்போன ஏழு மாதத்தைக் கோவை சொல்லும்.

மூன்றாம் படி: கல்வித் தகைமைப் பட்டியல்

வெளிநாட்டு மென்பொருளில் வரும் பட்டியல் நம் நாட்டுத் தகைமைகளை அறியாது. உயர்நிலைப் பள்ளி, டிப்ளோமா, இளமாணி, முதுமாணி, மற்றவை என்று மட்டும் இருக்கும். உயர் தேசிய டிப்ளோமா உள்ளவர் ‘டிப்ளோமா’வைத் தெரிவுசெய்ய வேண்டும். பட்டத்துக்கு நிகர் என்று எவரோ சொன்னார்கள் என்பதற்காக ‘இளமாணி’யைத் தெரிவுசெய்தால், சான்றிதழ் கேட்கும் நாளில் அது பொய்யான பதிலாகிவிடும்.

இதைவிடவும் கவலைக்குரியது ‘மற்றவை’. தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ளவர்கள் தங்கள் தகைமையின் பெயர் பட்டியலில் இல்லை என்று நேர்மையாகவே ‘மற்றவை’யைத் தெரிவுசெய்கிறார்கள். நிறுவனத்தின் விதி ‘டிப்ளோமா, இளமாணி, முதுமாணி ஆகியவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் அனுமதி’ என்று எழுதப்பட்டிருந்தால், ‘மற்றவை’ அதற்குள் வராது. தேசியத் தொழில் தகைமை முறையில் 5ஆம் மட்டம் டிப்ளோமா, 6ஆம் மட்டம் உயர் டிப்ளோமா. ஆகவே அந்த மட்டங்களில் உள்ளவர் ‘டிப்ளோமா’வைத் தெரிவுசெய்து, மட்டத்தைக் கோவையில் முழுமையாக எழுதுவதே சரி.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டுப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர் ‘பட்டம் பெற்றவரா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதக்கூடாது. ‘எதிர்பார்க்கும் திகதி’ என்ற பெட்டி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: மொழி

எங்கள் மாவட்டத்தில் மூன்று மொழியும் கேட்கப்படும். ‘ஆரம்பநிலை, வேலைக்குப் போதுமான அளவு, சரளம், தாய்மொழி’ என்று படிகள் வரும். சந்தையில் பேசிச் சமாளிக்கும் சிங்களத்தைச் ‘சரளம்’ என்று போட்டுவிட்டு நேர்முகப் பரீட்சையில் தடுமாறுபவர்கள் ஒருபக்கம். நன்றாகப் பேசத் தெரிந்தும், எழுத வராது என்பதால் கூச்சப்பட்டு ‘ஆரம்பநிலை’ போட்டு வெளியேறுபவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகம் மனம் நோகிறது. தகுதி இருந்தும் தாங்களே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தொலைபேசியில் ஒரு விநியோகத்தரிடம் பற்றுச்சீட்டுப் பற்றிச் சிங்களத்தில் பேசி முடிக்க முடியுமானால், அது வேலைக்குப் போதுமான அளவுதான். எழுத்துக் குறைவைக் கோவையில் சொல்லுங்கள்: ‘சிங்களம்: பேச்சு நன்று, வாசிப்பு நடுத்தரம், எழுத்து ஆரம்பநிலை.’ பதிலும் கோவையும் ஒன்றையொன்று விளக்கும்.

ஐந்தாம் படி: சம்பளமும் சேரும் காலமும்

எண் பெட்டியில் ‘பேசித் தீர்மானிக்கலாம்’ என்று எழுத முடியாது. அதனால் சிலர் 0 அல்லது 1 என்று எழுதுகிறார்கள். நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருந்தால் 0 அதற்கு வெளியே விழக்கூடும். முதலில் மாதமா ஆண்டா, ரூபாயா டொலரா என்று பாருங்கள். ஆண்டுச் சம்பளம் கேட்கும் இடத்தில் மாதச் சம்பளத்தை எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. மாதம் 100,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,200,000. காற்புள்ளியை ஏற்காத பெட்டிகள் உண்டு. 100000 என்று இலக்கங்களை மட்டும் தட்டெழுதுங்கள்.

கைக்கு வரும் தொகையா மொத்தச் சம்பளமா என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். கையில் 92,000 வேண்டுமென்றால் படிவத்தில் 100000 எழுத வேண்டும். தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 சதவீதமும் இதற்கு மேலதிகமானவை. அவற்றை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சேரும் காலம் எளிது. நம் விண்ணப்பதாரியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் ‘உடனடியாக’. ஆனால் அவருடைய பழைய கோவையில் ‘2024 ஜூன் – இன்றுவரை’ என்று இருக்கிறது. அதை மாற்றாமல் பதிவேற்றினால், இப்போதும் வேலையில் இருப்பவர் எப்படி உடனே சேர்வார் என்ற கேள்வி எழும்.

ஆறாம் படி: பதில்களுக்கு ஏற்பக் கோவையைத் திருத்துங்கள்

பதில்களைக் கணினி எல்லையோடு ஒப்பிடுகிறது. கோவையை மனிதர் பதில்களோடு ஒப்பிடுகிறார். பல அமைப்புகளில் இரண்டும் ஒரே திரையில் தெரியும். ஆகவே ஒவ்வொரு பதிலுக்கும் கோவையில் ஒரு வரியை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

திகதியிலிருந்து தொடங்குங்கள். நம்மவரின் கோவையில் ‘2023–2024’, ‘2024–2025’ என்று ஆண்டு மட்டும் இருந்தது. ‘2024–2025’ என்பது 2024 டிசம்பரில் சேர்ந்து 2025 ஜனவரியில் விலகிய இரண்டு மாதமாகவும் இருக்கலாம், முழு 24 மாதமாகவும் இருக்கலாம். வாசிப்பவருக்கு ‘3’ என்ற பதிலைச் சரிபார்க்க வழியே இல்லை. ‘06/2024 – 12/2025’ என்று மாதத்தோடு எழுதியதும் சந்தேகம் தீர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்று விழும் மூன்று மாதத்துக்கு ‘2024 ஓகஸ்ட் வரை பகுதிநேரம்’ என்று ஒரு சிறு குறிப்புச் சேர்த்தார்.

அடுத்தது, கேள்வியின் சொல் கோவையில் இருக்கிறதா என்பது. படிவம் ‘நன்கொடையாளர் நிதியில் இயங்கும் திட்டங்கள்’ என்று கேட்கிறது. கோவையிலோ ‘அலுவலகக் கணக்கு வேலைகள்’ என்று மட்டும் இருந்தது. அதை அவர் இப்படி மாற்றினார்: ‘நன்கொடையாளர் நிதியில் இயங்கிய திட்டத்தின் கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுகள், சில்லறைக் காசு, மாதாந்த வங்கி இணக்கக் கூற்று (19 மாதம்).’ செய்த வேலை அதேதான். ‘1’ என்ற சிறிய எண்ணுக்குப் பின்னால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது.

மூன்றாவதாக, தானாக நிரம்பும் பெட்டிகளைப் பாருங்கள். கோவையைப் பதிவேற்றியதும் மென்பொருள் அதிலுள்ள பதவி, நிறுவனம், திகதி ஆகியவற்றைப் பிரித்தெடுத்துப் படிவத்தில் போடும். இரண்டு பத்தியாகவும் அட்டவணையாகவும் அமைத்த கோவைகளில் இது அடிக்கடி பிழைக்கும். விடுதியின் பெயர் பதவிப் பெட்டியில் விழும், ஒரு வேலையின் முடிவுத் திகதி அடுத்த வேலைக்குப் போகும். ஒவ்வொரு பெட்டியையும் கையால் திருத்துங்கள். சில தளங்கள் முந்தைய விண்ணப்பத்தில் அளித்த பதில்களையும் நினைவில் வைத்து நிரப்பிவிடும். ஆறு மாதத்துக்கு முன் எழுதிய ‘2’ இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். கடையில் உள்ள கணினியிலோ நண்பரின் கணினியிலோ நிரப்பினால் இன்னொருவருடைய தொலைபேசி எண் தானாக வந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டு வேலைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். ‘இந்த நாட்டில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உள்ளதா?’ ‘இப்போதோ பின்னரோ விசாவுக்கு நிறுவனத்தின் அனுசரணை தேவைப்படுமா?’ இலங்கையில் இருந்துகொண்டு, அந்த நாட்டின் அனுமதி எதுவும் இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு முதலாவதற்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’. வேகமாக நிரப்புபவர்கள் இரண்டுக்கும் ‘ஆம்’ போட்டுவிடுகிறார்கள், பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அனுசரணை வழங்காத நிறுவனம் என்றால் இந்தப் பதில்களோடு விண்ணப்பம் நின்றுவிடும். மாற்றி எழுதுவதால் விசா கிடைத்துவிடாது. அந்த நேரத்தை அனுசரணை தருவதாக விளம்பரத்திலேயே சொல்லும் வேலைகளுக்குச் செலவிடுங்கள்.

சமர்ப்பித்த பிறகு

‘விண்ணப்பம் கிடைத்தது, நன்றி’ என்ற மின்னஞ்சல் எல்லோருக்கும் வரும். வெளியேற்றப்பட்டவருக்கும் வரும். அதை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. நிராகரிப்பு சில நிமிடங்களில், அல்லது நள்ளிரவில், அல்லது விடுமுறை நாளில் வந்தால் அது விதியின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பல நிறுவனங்கள் தானியங்கி நிராகரிப்பையும் ஓரிரு நாள் தாமதித்தே அனுப்புமாறு அமைத்துவிடுகின்றன. ஆகவே தாமதமாக வந்தது என்பதால் ஒருவர் வாசித்துவிட்டார் என்று கொள்ள முடியாது.

பிழையான பதிலை அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் வேறொரு மின்னஞ்சல் முகவரியில் புதுக் கணக்குத் திறந்து மீண்டும் விண்ணப்பிக்காதீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒன்றாக இருப்பதால் இரண்டு விண்ணப்பங்களும் அருகருகே தெரியக்கூடும். அப்போது மாறிய பதில்தான் முதலில் கண்ணில் படும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் வசதி இருந்தால், முடிவுத் திகதிக்கு முன் அதைப் பயன்படுத்தித் திருத்தி அனுப்புங்கள். இல்லாவிட்டால் மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள்: பதவியின் பெயர், விண்ணப்ப இலக்கம், எந்தக் கேள்வி, என்ன எழுதினீர்கள், சரியான பதில் எது, அது கோவையில் எங்கே இருக்கிறது. இவ்வளவும் ஐந்து வரிக்குள் அடங்கிவிடும்.

அளித்த பதில்களைத் திரையில் எடுத்த படங்களை, அன்று பதிவேற்றிய கோவையோடு சேர்த்து, பதவியின் பெயரிட்ட ஒரு கோப்புறையில் வையுங்கள். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வரும்போது, ‘மூன்று ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், விளக்குங்கள்’ என்று கேட்கப்படலாம். அப்போது நம் விண்ணப்பதாரி சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘2023 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை, இடைவெளியில்லாமல் 36 மாதம். 2024 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை இரண்டு இடத்திலும் வேலை செய்தேன், அதை ஒருமுறைதான் எண்ணியிருக்கிறேன்.’